ஸ்கேட்ஸ் கட்டினால் கணுக்கால் மடிப்பில் லேஸ் கடி: நாக்கில் பஞ்சு வைப்பதா, லேஸை மாற்றிக் கோப்பதா?

புதுச்சக்கரம்

ஹாக்கி வகை இன்லைன் ஸ்கேட்ஸ், பக்கத்துக்கு 8 லேஸ் ஓட்டை, ஃபெல்ட் நாக்கு. கட்டி 20 நிமிஷத்துல வலது காலில் கணுக்கால் மடியற இடத்துல, முன்பக்கம், கத்தி வச்சு அழுத்தற மாதிரி வலி. கீழேருந்து எண்ணினா 6-வது, 7-வது ஓட்டைக்கு நடுவுல. இடது காலில் லேசா இருக்கு, தாங்கிக்கலாம். கழட்டின பிறகு தோலில் குறுக்கே சிவப்புக் கோடு, விரலால அழுத்தினா நோகுது. மறுநாள் காலையில படி இறங்கும்போதும் தெரியுது. மெடிக்கல் கடையில கிடைக்கிற ஜெல் பட்டை ஒண்ணு உள்ளே வச்சுப் பார்த்தேன், வலி குறையவே இல்ல, கூடின மாதிரிதான் இருந்தது. நாக்குக்குள்ள இன்னும் தடிமனா ஏதாவது வைக்கணுமா? இல்ல லேஸ் கட்டற முறையையே மாத்தணுமா?

மெத்தைப்பிரியன்

ஒரு ஜெல் பட்டை போதாதுங்க. இரண்டாக வைத்துப் பாருங்கள். லேஸுக்கும் காலுக்கும் நடுவில் எவ்வளவு மெத்தை இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நாக்கு பழசானால் உள்ளே இருக்கும் ஃபோம் செத்துவிடும், அதுதான் பாதிப் பேருக்குக் காரணம். உங்கள் நாக்கை வளைத்துப் பாருங்கள். லேஸ் ஓடிய இடமெல்லாம் வாய்க்கால் விழுந்திருந்தால் அதற்கு உயிர் போய்விட்டது என்று அர்த்தம்.

தோல்தையல்

வாய்க்கால் பற்றிச் சொன்னது சரி. ஜெல்லை இரண்டாக்கச் சொன்னதுதான் இங்கே கெடுதல் செய்யும்.

பூட்ஸுக்குள் இருக்கும் இடம் அளவானது. மேலே 5 மில்லிமீட்டர் தடிமன் சேர்த்தால் அந்த 5 மில்லிமீட்டருக்கு வேறெங்கும் இடம் கிடையாது, பாதத்தின் மேலேதான் ஏறி உட்காரும். லேஸ் பழைய இறுக்கத்திலேயே இருந்தாலும் அழுத்தம் கூடும். ஜெல் வைத்ததும் வலி கூடியது என்கிறாரே, காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அதனால் முதலில் பூட்ஸில் ஆழம் இருக்கிறதா என்று பாருங்கள். லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்துத் தொங்க விட்டு, காலை உள்ளே வைத்துக் குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வையுங்கள். இப்போது ஒரு பென்சிலை, மேலிருந்து மூன்றாவது ஜோடி ஓட்டைகளின் மேல் குறுக்கே படுக்க வையுங்கள். இரு பக்கத் தோல் விளிம்பிலும் பென்சில் படிந்து, அடியில் கால் தொடாமல் இருந்தால் ஆழம் போதும். பென்சில் ஒரு பக்கத்தை விட்டு எழும்பிக் காலின் மேல் ஊசலாடினால், அந்தப் பூட்ஸ் உங்கள் பாதத்துக்கு ஆழம் குறைவு. அப்படியிருந்தால் நாக்கில் எது சேர்த்தாலும் வீண்.

இரண்டு காலிலும் செய்து முடிவைச் சொல்லுங்கள்.

மாலைநடை

எனக்கும் இதே பிரச்சினைதான். ஓட்டத்துக்குப் போடும் சாதாரண ஷூ. புறங்கால் நடுவில், மேடாக எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் வலி. கொஞ்ச தூரம் ஓடினால் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் மரத்துப்போகிறது. நான் நாக்கை மாற்ற வேண்டுமா?

கால்வைத்தியம்

மாலைநடை, உங்களுடையது வேறு இடம், வேறு விஷயம். கேள்வி கேட்டவருக்குக் கணுக்கால் மடிப்பில். அங்கே பாதத்தை மேலே தூக்கும் தசைநாண் தோலுக்கு நேர் அடியில் ஓடுகிறது. காலை மடக்கி நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் அந்த நாண் மேலும் கீழும் வழுக்கிப் போய் வரும். அதன்மேல் ஒரு லேஸ் கோடு போல அழுத்தும்போது உரசி உரசி நாணும் அதன் உறையும் வீங்குகின்றன. கட்டைவிரலைத் தூக்கும் நாணும் பக்கத்திலேயே போகிறது. அதுவும் சில நேரம் சேர்ந்துகொள்ளும்.

உங்களுக்கு நடுப்பாதத்து எலும்பு மேடு. அந்த இடத்தில் நாணோடு சேர்ந்து ஒரு நரம்பும் போகிறது. அது உணர்ச்சி கொடுப்பது சரியாக முதல் இரண்டு விரல்களுக்கு நடுவில் உள்ள தோலுக்குத்தான். அங்கே மரத்துப்போவது லேஸ் அந்த நரம்பை நசுக்குகிறது என்பதற்கு நல்ல அடையாளம். மேட்டுக்கு நேர் மேலே வரும் ஒரு குறுக்கை மட்டும் எடுத்துவிடுங்கள், அதாவது அந்த வரிசையில் லேஸ் எதிர்ப்பக்கம் போகாமல் அதே பக்கத்து மேல் ஓட்டைக்கு நேராக ஏறட்டும். சாதாரண ஷூவில் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஷூவைக் கழற்றிய பிறகும் மரமரப்பு மணிக்கணக்கில் போகாமல் இருந்தால் காலைக் காட்டிவிடுங்கள்.

புதுச்சக்கரம், உங்களுக்கு ஒரு கேள்வி. வலிக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். கைக்குக் கீழே நறநறவென்று, காய்ந்த தோல் மடிவது போல ஏதாவது தெரிகிறதா?

புதுச்சக்கரம்

பென்சில் பார்த்தேன். இடது காலில் நல்லா படியுது. வலதுல பென்சில் படியுது, ஆனா அடியில காலை லேசா தொடுது, ஒரு தாள் நுழையற அளவு கூட இடைவெளி இல்ல. நறநறப்பு எதுவும் இல்ல. இன்னொண்ணும் கவனிச்சேன்: வலது குதிகால் உள்ளே மேலே எழும்புது, அதனாலதான் மேலே ரொம்ப இறுக்கிக் கட்டறேன்.

தோல்தையல்

கடைசியாகச் சொன்னீர்களே, அதில்தான் விஷயமே இருக்கிறது.

குதிகால் எழும்புகிறது, அதைப் பிடித்து நிறுத்த மேலே இறுக்குகிறீர்கள். மேல் லேஸ் இழுக்கும் திசை குதிகாலைப் பின்னால் தள்ளும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தள்ளும் விசை முழுவதும் 6, 7-வது வரிசை வழியாக நாணின் மேல்தான் இறங்குகிறது. குதிகாலைப் பிடிக்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்தால்தான் மடிப்பைத் தளர்த்த முடியும். இல்லாவிட்டால் நாக்கில் என்ன வைத்தாலும், ஆட ஆரம்பித்ததும் உங்கள் கை தானாக மறுபடியும் இறுக்கிவிடும்.

வலது காலுக்கு ஆழம் விளிம்பில் இருக்கிறது. அதனால் இந்த வரிசையில் போங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

ஜெல்லை எடுத்துவிடுங்கள். பிறகு பூட்ஸுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தடிமனைப் பாருங்கள். குதிகால் பக்கம் தடிமன், முன்பக்கம் மெல்லிசு என்று இருக்கும். நடுப்பாதத்துக்கு அடியில் 2 மில்லிமீட்டர் குறைவான வேறொன்று போட முடிந்தால் அதையே மேலே இடமாகப் பெறலாம். குதிகாலை மட்டும் உயர்த்தும் கட்டை எதுவும் வைக்காதீர்கள். அது பாதத்தைத் தூக்கி மடிப்பை லேஸுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோகும்.

குதிகால் எழும்புவதற்கு, பூட்ஸின் உள்பக்கம் குதிகால் எலும்புக்கு மேலே இரு பக்கமும் உள்ள பள்ளங்களில் 3 மில்லிமீட்டர் ஃபெல்ட்டை அரைநிலா வடிவில் வெட்டி ஒட்டுங்கள். ஒட்டுமுன் சாதாரண டேப்பால் ஒட்டிப் பாருங்கள். சரியான இடம் கிடைக்க இரண்டு மூன்று முறை நகர்த்த வேண்டிவரும்.

நாடாமுடிச்சு

தோல்தையல் குதிகாலைப் பார்த்துக்கொண்டார், நான் லேஸைச் சொல்கிறேன். உங்கள் பூட்ஸை வைத்தே எழுதுகிறேன், 8 ஓட்டை, வலி 6-க்கும் 7-க்கும் நடுவில்.

கீழேயிருந்து 5 வரை வழக்கம் போலக் குறுக்காகக் கோர்த்துக்கொள்ளுங்கள், ஓட்டைக்குள்ளிருந்து வெளியே வரும்படி. இந்தப் பகுதியை நடுப்பாதத்தில் நன்றாக, ஆனால் விரல்கள் அசையும்படி இழுங்கள். 5-லிருந்து 6-க்குப் போகும் குறுக்கில் இரு நுனிகளையும் ஒன்றையொன்று இரண்டு முறை சுற்றிக்கொள்ளுங்கள். முடிச்சு இல்லை, சுற்று மட்டும். இந்தச் சுற்று கீழே உள்ள இறுக்கத்தைப் பூட்டிவிடும். அதனால் மேலே எவ்வளவு தளர்வாக விட்டாலும் கீழே நழுவாது. பிறகு 6-ல் வெளியே வந்த நுனி எதிர்ப்பக்கம் போகாமல், அதே பக்கத்தில் நேராக ஏறி 7-க்குள் மேலிருந்து உள்ளே போகட்டும். இதனால் 6-க்கும் 7-க்கும் நடுவில் குறுக்கு எதுவும் இருக்காது, ஒரு சன்னல் மாதிரி. 7-லிருந்து எதிர்ப்பக்கம் 8-க்கு அடியிலிருந்து வெளியே வந்து கட்டுங்கள்.

இழுக்கும்போது மேலே மெதுவாக. பூட்ஸின் மேல்வாயில் ஒரு விரலை நாக்குக்கும் லேஸுக்கும் நடுவில் சொருக முடிய வேண்டும்.

இதில் தவறிப்போகும் இடம் அந்தச் சுற்று. ஒரு சுற்றோடு விட்டால் ஐந்து நிமிடத்தில் கீழே தளர்ந்து, இறுக்கம் சன்னலுக்கு ஏறிவிடும். மெழுகு பூசிய லேஸ் என்றால் இரண்டு சுற்று கல் போல நிற்கும். வழுக்கும் உருண்டை லேஸாக இருந்தால் மூன்று. அகலமான தட்டை லேஸ் அழுத்தத்தைக் கொஞ்சம் பரப்பிக் கொடுக்கும், ஆனால் முறுக்கிக்கொண்டால் கயிறாகிவிடும். கோர்க்கும்போது ஒவ்வொரு ஓட்டையிலும் தட்டையாகப் படிகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

மெத்தைப்பிரியன்

சன்னல் கட்டினால் அந்த இடத்தில் பிடிப்பு போய்விடாதா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இவ்வளவு தொல்லைக்கு ஒரே ஒரு ஓட்டையை, மேல் ஓட்டையை மட்டும் விட்டுவிட்டுக் கட்டலாமே? நிறையப் பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

நாடாமுடிச்சு

பிடிப்பு கொஞ்சம் குறையும், மறுக்கவில்லை. சன்னலுக்கு மேலேயும் கீழேயும் உள்ள குறுக்குகள் அந்தப் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், அதனால் அந்த இரண்டு இடத்தில் புதுச் சிவப்பு வருகிறதா என்று முதல் சில முறை பார்க்க வேண்டும். இரண்டு வரிசைக்குச் சன்னல் விடுவது கூடாது, பூட்ஸின் தோல் விளிம்பு வெளியே வில் மாதிரி வளைந்து குதிகால் ஆடத் தொடங்கும்.

மேல் ஓட்டையை விடுவது வேறு பிரச்சினைக்கு. முழங்காலை முன்னால் மடக்கும்போது நாக்கின் மேல் விளிம்பு கணைக்காலின் முன்பக்கத்தைக் குத்தினால் அது உதவும். இவருக்கு வலி அதற்குக் கீழே. அங்கே மேல் ஓட்டையை விட்டால் பாரம் 7-வது வரிசைக்கு இறங்கி இன்னும் மோசமாகலாம்.

மலைப்பாதை

நான் மலையேற்ற பூட்ஸ் போடுபவள். அதில் மேலே ஓட்டைக்குப் பதில் கொக்கிகள். மேல் ஓட்டையை விட்டுவிட்டால் கணுக்காலுக்குத் துணை போய்விடும் என்றுதான் நான் சொல்வேன், இறக்கத்தில் கால் முன்னால் சரிந்து விரல் நகம் கறுக்கும். நாடாமுடிச்சு சொன்ன அதே இரட்டைச் சுற்றைக் கடைசி ஓட்டைக்கும் முதல் கொக்கிக்கும் நடுவில் போட்டுவிட்டு, மடிப்பில் தளர்த்தி, மேல் கொக்கியில் மட்டும் மறுபடி இறுக்கலாம். ஸ்கேட்ஸுக்கு இது பொருந்துமா தெரியவில்லை, நெகிழ்வு வேறு.

நாடாமுடிச்சு

கொள்கை ஒன்றுதான். ஆனால் ஸ்கேட்ஸில் முழங்கால் எப்போதும் முன்னால் மடங்கியே இருக்கும். மேலே மறுபடி இறுக்கினால் ஒவ்வொரு மடக்கத்திலும் நாக்கு மடிப்பை அழுத்தும். அதனால் ஸ்கேட்ஸில் மேலே தளர்வு, மலையில் மேலே இறுக்கம். இரண்டு பேரும் சரிதான்.

தோல்தையல்

இனி நாக்கு. எனக்கு அக்கறையான இடம் இது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லேஸ் என்பது கோடு. கோடாக வரும் அழுத்தத்தை மெத்தை மட்டும் பரப்பாது. மெத்தை எவ்வளவு மென்மையோ அவ்வளவு ஆழமாக லேஸ் அதில் புதையும், கடைசியில் அடித்தளத்தைத் தொட்டுவிடும். ஜெல்லிலும் பஞ்சிலும் நடப்பது இதுதான். அழுத்தத்தைப் பரப்ப லேஸுக்கு நேர் அடியில் கொஞ்சம் விறைப்பான ஒன்று வேண்டும், அதற்கு அடியில்தான் மெத்தை. மேலே பலகை, கீழே மெத்தை, அதற்குக் கீழே கால்.

அதற்கு நாக்கின் வெளிப்பக்கம், லேஸ் படும் முகத்தில், ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையக்கூடிய பிளாஸ்டிக் தகடு அல்லது கெட்டியான தோல் துண்டு போதும். நாக்கின் அகலத்தை விட இரு பக்கமும் அரை சென்டிமீட்டர் குறைவாக, 5-வது வரிசையிலிருந்து 8 வரை நீளம். மூலைகளை உருட்டி வெட்டுங்கள், கூரான மூலை நாக்கைக் கிழிக்கும். மடிப்பு வரும் இடத்தில் தகட்டைக் காலின் வளைவுக்கு ஏற்ப முன்பே வளைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் கீழ் விளிம்பே புதிய கடியாகிவிடும்.

உள்பக்கம் மெத்தைக்குக் குளியலறைப் பஞ்சு வேண்டாம், ஒரு வாரத்தில் தட்டையாகிவிடும். அறைகள் மூடிய ஃபோம், யோகா விரிப்பில் வருகிறதே அந்த மாதிரி, 4 மில்லிமீட்டர். ஆழம் குறைந்த உங்கள் வலது காலுக்கு 3 போதும், இன்சோலில் கிடைத்த இடத்துக்கு மேல் போகாதீர்கள்.

வெட்டும் வடிவம் முக்கியம். வலிக்கும் புள்ளிக்கு நேராக ஓட்டை வெட்டிய வட்டப் பட்டையைப் பலர் சொல்வார்கள். எலும்பு மேட்டுக்கு அது நல்லது, மாலைநடைக்கு உதவலாம். நாணுக்கு அது பொருந்தாது. நாண் மேலும் கீழும் ஓடுகிறது, புள்ளி ஒரே இடத்தில் நிற்பதில்லை. வட்டத்தின் விளிம்பு நாணைக் குறுக்கே வெட்டும். அதோடு சுற்றிலும் அழுத்தி நடுவில் விட்டால் வீக்கம் அந்த ஓட்டைக்குள் புடைத்து வரும். அதற்குப் பதிலாக நாணின் இரு பக்கமும் தண்டவாளம் மாதிரி இரண்டு பட்டைகள் ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம். நடுவில் நாண் படுக்கும் வெற்றிடம் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். பட்டைகளின் ஓரங்களைச் சாய்வாகச் சீவிவிடுங்கள்.

நாண் எங்கே இருக்கிறது என்று கண்ணால் யூகிக்காதீர்கள். பாதத்தை மேலே தூக்கினால் கயிறு மாதிரி எழும்பும். அதன்மேல் லிப்ஸ்டிக் பூசி, சாக்ஸ் இல்லாமல் பூட்ஸில் கால் வைத்து லேசாகக் கட்டி ஒருமுறை முழங்காலை மடக்குங்கள். கழற்றும்போது நாக்கில் கோடு பதிந்திருக்கும். கோடு நாக்கின் நடுவில் இல்லாமல் உள்பக்கம் சாய்ந்திருப்பது சகஜம், பெருவிரல் பக்கம்தான் அந்த நாண் போகிறது. முதலில் டேப்பால் ஒட்டி மூன்று முறை போட்டுப் பார்த்த பிறகுதான் பசை.

கால்வைத்தியம்

இதில் ஒன்று சேர்க்கிறேன். வேலை எல்லாம் செய்து முடித்தாலும், ஏற்கனவே வீங்கியிருக்கும் நாணுக்குச் சில நாள் ஓய்வு கொடுக்காமல் சோதித்தால் எல்லாமே தோற்ற மாதிரி தோன்றும். படி இறங்கும்போது வலிப்பது நின்ற பிறகு ஆரம்பியுங்கள். முதல் நாள் 15 நிமிடம் மட்டும். ஆடி முடித்ததும் துணி சுற்றிய ஐஸ் 10 நிமிடம் வைக்கலாம், தோலில் நேராக வைக்காதீர்கள்.

நறநறப்பு இல்லை என்றது நல்ல செய்தி. அது வந்தாலும், பாதத்தைத் தூக்க வலு குறைந்தாலும், ஷூ இல்லாமலே எலும்பில் ஓர் இடத்தில் குத்தலான வலி நின்றுகொண்டே இருந்தாலும் நாக்கை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். எலும்பில் மெல்லிய விரிசலும் புறங்காலில்தான் வலி காட்டும். லேஸைத் தளர்த்தியதும் அது போகாது.

புதுச்சக்கரம்

ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன். முதல்ல குதிகால் ஃபெல்ட் மட்டும் வச்சேன், வலி பாதியா குறைஞ்சது, மேலே இறுக்கற பழக்கமும் தானா போச்சு. அடுத்து சன்னல் கட்டு. இடது காலில் சுத்தமா போயிடுச்சு. வலதுல 20 நிமிஷம்கிறது 50 நிமிஷம் ஆச்சு, அதுக்கப்புறம் லேசா வருது. தகடு, தண்டவாளம் ரெண்டும் இப்பதான் டேப்ல ஒட்டியிருக்கேன். லிப்ஸ்டிக் கோடு நாக்கோட நடுவுல இல்லை, உள்பக்கமா ஒரு விரல் அகலம் தள்ளி இருக்கு. ஆனா ஆடி முடிச்சுப் பார்த்தா நாக்கே வெளிப்பக்கம் சாஞ்சிருக்கு, அப்ப கோடு எதை வச்சு நம்பறது?

தோல்தையல்

நல்ல கவனம். நாக்கு சாய்ந்தால் அதன் தையல் விளிம்பு நாணின் மேல் ஏறிவிடும், தண்டவாளமும் இடம் மாறிவிடும். நாக்கின் நடுவில், வெளி முகத்தில், 6-வது வரிசை உயரத்தில் லேஸ் நுழையும் சின்னத் தோல் வளையம் இருக்கிறதா? சில நாக்குகளில் இருக்கும். இருந்தால் லேஸை அதன் வழியே விட்டுக் கோர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தகட்டை ஒட்டும்போது அதிலேயே இரண்டு பிளவு வெட்டி லேஸை நுழைக்கலாம். நாக்கு நிற்கும் இடம் உறுதியான பிறகு லிப்ஸ்டிக்கை மறுபடி பூசுங்கள். முன்பு எடுத்த கோடு இனி செல்லாது.

நாடாமுடிச்சு

சன்னல் கட்டில் 5-லிருந்து 6-க்குப் போகும் குறுக்குதான் நாக்குக்கு நடுவில் அகப்படுவது. இரட்டைச் சுற்றும் அங்கேதான் வருகிறது. வளையத்துக்குள் சுற்றை வைக்காதீர்கள், சுற்று அதற்குக் கீழே, தகட்டின் மேல் படுக்கட்டும். இல்லாவிட்டால் அந்தச் சுற்றே ஒரு கட்டியாக அழுத்தும்.

மாலைநடை

ஒரு குறுக்கை எடுத்துவிட்டேன். மரமரப்பு இல்லை. மேட்டில் வலி கொஞ்சம் இருக்கிறது. வட்டப் பட்டைக்கு ஓட்டை எவ்வளவு பெரிதாக வெட்ட வேண்டும்?

தோல்தையல்

மேட்டைத் தொட்டுப் பார்த்து, நோகும் இடத்தைப் பேனாவால் சுற்றி வரையுங்கள். ஓட்டை அந்தக் கோட்டை விடச் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், ஃபெல்ட் 3 மில்லிமீட்டர். ஷூ இறுக்கமாகத் தோன்றினால் பட்டையை எடுத்துவிட்டு இன்சோலைப் பாருங்கள்.

மலைப்பாதை

மேல் ஓட்டை விவகாரத்தில் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை. புதுச்சக்கரம், எல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் மேல் ஓட்டையையும் விட்டுப் பார்த்து 7-வது வரிசையில் சிவப்பு வருகிறதா என்று எழுத முடியுமா?

புதுச்சக்கரம்

தகடு ஒட்டி மூணு தடவை போட்ட பிறகு பார்க்கறேன். வலது காலை மட்டும் வச்சுச் சொல்றேன், இடதுல இப்ப எதுவும் தெரியாது.